நீக்கிய 41 அளவீடுகள்

முனைவர் பட்ட மேலாய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கவிருக்கும் நண்பர்கள் இருவர், என்னுடைய ‘டிராக் ரெக்கார்ட்’ பத்தியை அனுப்பித்தரும்படி கேட்டிருந்தார்கள். அனுப்பிவிட்டேன். ஆனால் பத்தியை மட்டும் படிப்பவருக்கு அது எப்படி அந்த வடிவத்திற்கு வந்தது என்பது தெரியாது. அதன் முதல் வடிவம் தோற்ற கதையும் தெரியாது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

என் ஆய்வு நெல் வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனைப் பற்றியது. நீர் தேங்கிய வயலின் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதும் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை உண்டாக்கும் வாயுவின் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலேறி வெளியே வருகிறது. வயலை இடையிடையே காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சினால் இது குறையும். எவ்வளவு காயவிடலாம் என்பதற்கு ஒரு வழக்கமான அளவு உண்டு. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதற்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவார்கள். ஐதராபாத்தில் படித்துக்கொண்டு, தெலங்கானாவின் ஆழ்துளைக் கிணற்றுப் பாசன வயல்களில் இதைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அங்கே மழைக்காலச் சாகுபடிக்கு வானாகாலம் என்றும், குளிர்காலச் சாகுபடிக்கு யாசங்கி என்றும் பெயர். இரண்டு வானாகாலம், இரண்டு யாசங்கி என நான்கு பருவங்கள் அளந்தேன்.

நல்கைக்கு நான் முன்வைத்த திட்டம் இதன் அடுத்த கட்டம். வயலைக் காயவிடும்போது மீத்தேன் குறைகிறது. ஆனால் மண்ணுக்குள் ஆக்சிஜன் நுழைவதும் மறைவதுமாக இருப்பதால் நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும். ஒன்றில் கிடைத்த ஆதாயத்தை மற்றொன்று எவ்வளவு தின்கிறது என்பதை ஆய்வுப் பண்ணையில் அல்லாமல் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே அளக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

விண்ணப்பத்தில் திட்டத்திற்கு ஆறு பக்கங்கள். ‘இதுவரையிலான ஆய்வுப் பணியும் இத்திட்டத்திற்கான ஆயத்தமும்’ என்ற பகுதிக்கு 250 சொற்கள். முதல் முறை அதைக் கடைசி நாள் இரவில் அரைமணி நேரத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

“விண்ணப்பதாரர் புகழ்பெற்ற பன்னாட்டு இதழ்களில் நான்கு கட்டுரைகளை வெளியிட்டுள்ளார். அவற்றின் மொத்த இம்பாக்ட் ஃபேக்டர் 21. எச்-இன்டெக்ஸ் 3. மூன்று தேசியக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்துள்ளார். ஒன்றில் சிறந்த சுவரொட்டிக்கான பரிசு பெற்றுள்ளார். மேலும் இரு கட்டுரைகள் தயாரிப்பில் உள்ளன. பசுங்குடில் வாயு அளவீட்டில் விரிவான அனுபவம் பெற்றுள்ளதால் இத்திட்டத்தை நிறைவேற்ற முற்றிலும் தகுதியானவர்.”

நிராகரித்து அனுப்பிய கடிதத்தில் மதிப்பீட்டாளர் ஒருவரின் குறிப்பு இரண்டு வரிகளில் இருந்தது. கட்டுரைகளில் விண்ணப்பதாரரின் பங்கு எதுவென்று தெரியவில்லை. இரண்டு பருவக் களப்பணியைத் தனியே நடத்தக்கூடியவர் என்பதற்குச் சான்று இல்லை. எனக்குக் கோபம் வந்தது. நான்கு பருவங்கள் சேற்றில் நின்றவனுக்குக் களப்பணிச் சான்று இல்லையாம்!

எங்கள் வளாகத்தில் மேலாய்வு செய்துகொண்டிருந்த மதுரைக்கார அக்கா ஒருவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. என் பத்தியைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

“இதுல வயல் எங்கப்பா?” என்றார்.

“அது திட்டத்துல இருக்குக்கா.”

“திட்டம் நீ செய்யப் போறது. செஞ்சது எங்க? இதுல இதழ் இருக்கு, எண் இருக்கு, பரிசு இருக்கு. உன்னைக் காணோமே தம்பி.”

பிறகு ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்தோம். முதலில் அந்த 21. இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் சராசரி. முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த இதழ் வெளியிட்டவற்றுக்கு இவ்வாண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. எந்த இதழிலும் சில கட்டுரைகளே பெரும்பாலான மேற்கோள்களை ஈட்டுகின்றன; மற்றவை சராசரிக்குக் கீழேதான் கிடக்கும். ஆகவே அந்த எண் என் கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான்கு இதழ்களின் சராசரிகளைக் கூட்டி வருவதற்கோ எந்தப் பொருளும் இல்லை. ஆய்வாளரை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வரைவு பெற்று மறு ஆண்டு வெளியான டோரா அறிக்கையின் மையக் கருத்து. நான் அதை வகுப்பில் படித்தவன். படித்தும் கூட்டியிருந்தேன்.

அதைவிட வெட்கம் தந்தது அந்த 21-இன் உட்கூறு. அதில் 12 ஒரே கட்டுரையிலிருந்து வந்தது. அது என் நெறியாளரும் வேறு பலரும் சேர்ந்து எழுதிய திறனாய்வுக் கட்டுரை. நான் அதில் ஓர் அட்டவணையை நிரப்பினேன். பதினொரு ஆசிரியர்களில் எட்டாவது பெயர் என்னுடையது. என் தகுதியென்று நான் காட்டிய எண்ணில் பாதிக்கு மேல், நான் மிகக் குறைவாக உழைத்த இடத்திலிருந்து வந்திருந்தது.

எச்-இன்டெக்ஸும் அப்படித்தான். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவு அது. குறைந்தது மூன்று முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் மூன்று உண்டு என்பதே என் 3-க்குப் பொருள். நான்கு கட்டுரை எழுதியவனின் எச்-இன்டெக்ஸ் நான்கைத் தாண்டவே முடியாது. தொடக்கநிலை ஆய்வாளரிடம் அது காட்டுவது பெரும்பாலும் அவர் தொடங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைத்தான்.

“தயாரிப்பில் உள்ளன” என்ற சொற்களை அக்கா பென்சிலால் வட்டமிட்டார். தயாரிப்பில் இருப்பதை எவரும் பார்க்க முடியாது. ஆகவே எவரும் நம்பவும் தேவையில்லை. முன்பதிப்பாக வெளியிட்டிருந்தால் படிக்கலாம். இதழுக்கு அனுப்பியிருந்தால் அனுப்பியது என்று சொல்லலாம். மடிக்கணினியில் பாதி எழுதிய கோப்பு இந்தப் பத்திக்குள் வராது.

இப்படி அடித்துக்கொண்டே போனதில் என் பத்தியில் எஞ்சியது “பசுங்குடில் வாயு அளவீட்டில் விரிவான அனுபவம்” என்பது மட்டும். அக்கா ஒரு வெள்ளைத் தாளின் இடப்பக்கத்தில் என் திட்டத்தின் படிகளை எழுதச் சொன்னார். விவசாயிகளின் சம்மதத்தோடு வயல்களைத் தேர்தல், பெட்டி வைத்து வாயு மாதிரி எடுத்தல், மாதிரிகளைப் பகுத்தல், பருவக் கணக்கைத் தேற்றுதல், தரவை வெளியிடுதல் என ஐந்து படிகள் வந்தன. வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேரே, “இதை நீ முன்னால செஞ்சிருக்கன்னு நான் எதை வெச்சு நம்பறது?” என்ற கேள்விக்கு விடை எழுதச் சொன்னார். எனக்குப் பிறகு கிடைத்த எல்லாப் பயனும் அந்தத் தாளிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது படிக்கு வந்தபோது, சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்ல நேர்ந்தது. அளவீடு எளியது போலத் தோன்றும். மண்ணில் பதித்த ஓர் அடிச்சட்டத்தின்மேல் ஒளிபுகும் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். 0, 10, 20, 30 நிமிடங்களில் உள்ளிருக்கும் காற்றை சிரிஞ்சால் உறிஞ்சிக் குப்பிகளில் அடைக்க வேண்டும். வெளிக்காற்றில் மீத்தேன் சுமார் 2 பிபிஎம். பெட்டிக்குள் அது நேரத்தோடு சீராக ஏறினால், நான்கு புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமையும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து வெளியேற்றத்தைக் கணக்கிடலாம்.

முதல் வானாகாலத்தில் என் புள்ளிகள் கோட்டில் அமையவில்லை. ஒன்பது வயல்துண்டுகளில் பன்னிரண்டு வாரம் அளந்து பெற்ற 108 அளவீடுகளில் 41-ஐ நீக்க வேண்டியதாயிற்று. பலவற்றில் பூச்சிய நிமிட மாதிரியிலேயே 9, 10 பிபிஎம் காட்டியது. பெட்டி மூடிய கணத்தில் வெளிக்காற்றை ஒத்திருக்க வேண்டிய எண் அது. காரணம் நாங்களேதான் என்பது புரிய ஐந்து வாரம் ஆயிற்று. பெட்டியைக் கவிழ்க்கச் சேற்றில் நடந்தபோது, மண்ணில் அடைபட்டிருந்த குமிழிகள் எங்கள் காலடி அழுத்தத்தில் வெளியேறிப் பெட்டிக்குள் புகுந்தன. பயிர் வெளியிட்ட மீத்தேனை அளந்ததாக நினைத்து, எங்கள் கால்கள் வெளியேற்றியதை அளந்திருக்கிறோம்.

அடுத்த பருவத்திற்கு முன் வரப்பிலிருந்து ஒவ்வோர் அடிச்சட்டம் வரைக்கும் மரக்கால்களின்மேல் பலகை அமைத்தோம். சட்டங்களை அளவீட்டுக்கு முந்தைய நாளே பதித்தோம். பூச்சிய நிமிட மாதிரி இத்தனை பிபிஎம்முக்கு மேல் போனால் பெட்டியைத் திறந்து, காற்றாடவிட்டு, மீண்டும் தொடங்குவது என்று விதி வகுத்தோம். வயலில் உடனே அளவைக் காட்டும் கருவி எங்களிடம் இல்லாததால், வாரத்தில் முதல் தொகுதியை அன்றே ஆய்வகத்தில் பகுத்துப் பார்ப்பதென்று முறையை மாற்றினோம். அடுத்த மூன்று பருவங்களின் 324 அளவீடுகளில் நீக்கியவை 19. இந்த முறையை ஆறு பக்கச் செயல்குறிப்பாக எழுதி, தரவோடு சேர்த்து ஜெனோடோ தளத்தில் வெளியிட்டிருந்தேன். அதை வேறு இரு ஆய்வுக்குழுக்கள் வாங்கிப் பயன்படுத்தியிருந்தன.

“இதை ஏன் எழுதலை?” என்று அக்கா கேட்டார்.

“தோத்த கதைக்கா அது. முதல் பருவமே வீணாப் போச்சுன்னு நானே எழுதிக் கொடுக்கறதா?”

“உன் திட்டத்துல மறுபடியும் சேத்துலதானே பெட்டி வைக்கப் போற? குமிழி வந்தா என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஆள்னு இதைத் தவிர வேற எது காட்டும்?”

அவர் சொன்னது சரிதான். மதிப்பீட்டாளர் கேட்ட களப்பணிச் சான்று என் கையில் இருந்தது. அதைத் தோல்வி என்று மூட்டைகட்டி வைத்துவிட்டு, இதழ்களின் சராசரிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கு அடுத்துத்தான் மிகக் கடினமான வாக்கியம் வந்தது. “நான்கு பருவங்களில் 1,728 மாதிரிகளை எடுத்தேன்” என்று எழுதியிருந்தேன். 432 அளவீடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு குப்பி, கணக்கு சரி. ‘எடுத்தேன்’ என்பதுதான் சரியில்லை. இரண்டாவது யாசங்கியில் எனக்கு டெங்கு வந்து ஏழு வாரம் வயலுக்குப் போகவில்லை. அந்த அளவீடுகளை எடுத்தவள் என் ஆய்வகத் தோழி. முதன்மைக் கட்டுரையில் அவள் இரண்டாம் ஆசிரியர். அடுத்த ஆண்டு அவளும் இதே நல்கைக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். நான் எல்லாவற்றையும் ‘நான்’ என்று எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு அவள் எழுதும் உண்மை பொய்போலத் தெரியும். ஒரே ஆய்வகத்திலிருந்து வரும் இரு விண்ணப்பங்களும் ஒரே மதிப்பீட்டாளரின் மேசைக்குப் போவது அரிதான காரியமன்று.

‘நாங்கள்’ என்று எழுதித் தப்பிக்கவும் வழியில்லை. முதல் மதிப்பீட்டாளரின் குறையே என் பங்கு தெரியவில்லை என்பதுதான். அதற்குக் கைகொடுத்தது ‘கிரெடிட்’ என்னும் பங்களிப்பு வகைப்பாடு. கருத்துருவாக்கம், முறையியல், அளவீடு, தரவுப் பேணல், பகுப்பாய்வு, முதல் வரைவு எழுதுதல் என்று ஆசிரியர்களின் வேலையை 14 வகையாகப் பிரிக்கும் பட்டியல் அது. பல இதழ்கள் கட்டுரையின் இறுதியில் அதைக் கேட்டு வாங்கி அச்சிடுகின்றன. எங்கள் கட்டுரையிலும் இருந்தது. நாங்கள்தான் அவசரத்தில் எல்லாப் பெயரையும் எல்லா வகைக்கும் போட்டுவிட்டிருந்தோம். தோழியும் நானும் உணவகத்தில் உட்கார்ந்து, இந்த முறை உண்மையாகப் பிரித்தோம். வடிவமைப்பும் பகுப்பாய்வும் முதல் வரைவும் என்னுடையவை. நான்காம் பருவ அளவீட்டின் பெரும்பகுதியும் தரவுச் சரிபார்ப்பும் அவளுடையவை. இருவரும் தத்தம் விண்ணப்பத்தில் எந்த வாக்கியத்தை எழுதலாம் என்று அன்றே எழுதிக்கொண்டோம். அது என் பத்தியில் ஒரு வாக்கியத்தைச் சுருக்கியது. அவளுடைய பத்திக்கு இரண்டு வாக்கியங்கள் கிடைத்தன.

மூன்றாவது படிக்கு நேரே என்னிடம் எதுவுமே இல்லை. எங்கள் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் மீத்தேனை அறியும் தழல் அயனியாக்க உணரி உண்டு. நைட்ரஸ் ஆக்சைடுக்கு வேண்டியது எலக்ட்ரான் கவர் உணரி. அதை நான் இயக்கியதே இல்லை. முதல் பத்தியில் “பசுங்குடில் வாயு அளவீட்டில் விரிவான அனுபவம்” என்ற சொற்றொடருக்குள் இந்தப் பள்ளத்தை மறைத்திருந்தேன். துறை அறிந்த எவரும் அந்தச் சொற்றொடரைக் கண்டதும் எந்த வாயு என்றுதான் கேட்டிருப்பார். ஆயத்தம் என்பது எல்லாம் தெரியும் என்று காட்டுவதன்று. எது தெரியாது, அதை எங்கே, எத்தனை வாரத்தில் கற்கப்போகிறோம் என்பதும் அதில் அடங்கும். நல்கையின் வழிகாட்டியாக இருக்க ஒப்புக்கொண்டவரின் ஆய்வகத்தில் அந்த உணரி இருந்தது. அவருக்கு எழுதிக் கேட்டு, விண்ணப்பத்திற்கு முன்பே மூன்று வாரம் அங்கே போய்ப் பழகிவிட்டு வந்தேன்.

இரண்டாம் முறை அனுப்பிய பத்தி இது:

“முனைவர் பட்ட ஆய்வில் தெலங்கானாவின் இரு கிராமங்களில், விவசாயிகளின் ஒன்பது வயல்துண்டுகளில் நான்கு பருவங்களாக மீத்தேன் வெளியேற்றம் அளக்கப்பட்டது. ஆய்வு வடிவமைப்பு, பகுப்பாய்வு, முதல் வரைவு ஆகியவை என் பொறுப்பு. மூன்று பருவ அளவீடுகளை நான் நடத்தினேன், நான்காம் பருவத்தின் பெரும்பகுதியை இரண்டாம் ஆசிரியர் நடத்தினார். முதல் பருவத்தின் 108 அளவீடுகளில் 41, களத்தில் நடந்ததால் எழுந்த குமிழிகள் முதலிய காரணங்களால் நீக்கப்பட்டன. பலகைப் பாதையும் பூச்சிய நிமிடச் சோதனையும் கொண்டு முறையை நான் மாற்றியமைத்தபின், அடுத்த 324-இல் நீக்கியவை 19. இச்செயல்குறிப்பும் முழுத் தரவும் பொதுவெளியில் உள்ளன. வேறு இரு குழுக்கள் குறிப்பைப் பயன்படுத்துகின்றன. வயல்களைக் காயவிடும் நாட்களை விவசாயிகளோடு தெலுங்கில் பேசி முடிவு செய்தேன். ஒன்பது துண்டுகளும் இறுதிவரை ஆய்வில் நீடித்தன. விவசாயியின் பாசன நாட்குறிப்பை வெளியேற்றக் கணக்கோடு இணைக்கும் எண்ணம் என்னுடையது. இத்திட்டம் அதிலிருந்து எழுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு அளவீட்டில் எனக்கு முன்னனுபவம் இல்லை. வழிகாட்டியின் ஆய்வகத்தில் மூன்று வாரப் பயிற்சி முடித்துள்ளேன். முதல் மூன்று மாதங்களில் கருவித் திருத்தம் என் பொறுப்பில் நடைபெறும்.”

திறனாய்வுக் கட்டுரை பத்தியில் இல்லை. வெளியீட்டுப் பட்டியலில் இருக்கிறது, அதன் இடம் அதுதான். சுவரொட்டிப் பரிசும் போய்விட்டது. நெறியாளரின் எண்ணத்திலிருந்து என் எண்ணம் எங்கே பிரிகிறது என்று சொல்லும் நாட்குறிப்பு வாக்கியத்தைச் சேர்க்க மட்டும் மிகவும் தயங்கினேன். எழுதியதை நெறியாளரிடமே காட்டினேன். “அது உன் யோசனைதானே, எழுது” என்று சொல்லிவிட்டார். கேட்காமல் எழுதியிருந்தாலும் உண்மைதான். ஆனால் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் அதே செய்தியை அறிந்திருப்பது நல்லது. பத்தியும் கடிதமும் வெவ்வேறு கதை சொன்னால் மதிப்பீட்டாளர் நம்புவது கடிதத்தைத்தான்.

சென்ற மாதம் நேர்காணல் நடந்தது. குழுவில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அந்த 41-ஐப் பற்றியது. குமிழி வயலில் இயற்கையாகவும் வெளியேறும். நீங்கள் நீக்கியவற்றில் அத்தகைய உண்மையான குமிழிகள் இல்லை என்று எப்படித் தெரியும் என்றார். 33 அளவீடுகளில் பூச்சிய நிமிடத்திலேயே எண் உயர்ந்திருந்தது, அவை காலடியால் வந்தவை என்று சொல்ல முடியும் என்றேன். மற்ற எட்டில் உயர்வு இடையில் ஒரே தாவலாக வந்தது. அவை இயற்கைக் குமிழிகளாக இருக்கலாம். அவற்றை நீக்கியதால் அந்தப் பருவத்தின் கணக்கு உண்மையைவிடக் குறைந்திருக்கலாம் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பிறகு இருபது நிமிடம் வயலைப் பற்றியே பேசினோம். இதழ்களின் பெயரை எவரும் கேட்கவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. தோழி தன் பத்தியை எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவளுடைய தாளில் இரண்டாவது படிக்கு நேரே, என் டெங்குக் காய்ச்சலின் ஏழு வாரங்கள் இருக்கின்றன.